ஒரு பேலட்டுக்கு 40 ரூபாய்

செங்குன்றத்தைத் தாண்டிப் பெரியபாளையம் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட பெரிய பெரிய குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் சரக்கு குடோன்காரருடையது இல்லை. குடோன் இடமும்கூடப் பெரும்பாலும் அவருடையது இல்லை. நிலத்துக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, ரேக் போட்டு, ஆள் வைத்து, கம்பெனிகளின் சரக்கை வாங்கி அடுக்கி, கேட்கும்போது எடுத்து அனுப்பும் தொழில் அது. அப்படி ஒரு குடோனில் பல வருடம் மேலாளராக இருந்தவன் நான். அந்த வேலையில் நான் எழுதியவற்றிலேயே கடினமானது, வாடகையும் கூலியும் ஏறிவிட்டதால் விலையைத் திருத்தித் தரும்படி ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சல். அதை இரண்டு முறை எழுத வேண்டி வந்தது. முதல் முறை ஏன் தோற்றது, இரண்டாம் முறை எது மாறியது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

எங்கள் குடோன் 24,000 சதுர அடி. சதுர அடிக்கு மாதம் 22 ரூபாய் வாடகை. குடோன் வாடகை ஒப்பந்தங்களில் இரண்டு வழக்கம் உண்டு: வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுவது, அல்லது மூன்று வருடத்துக்கு ஒரு முறை 15 சதவீதம் ஏறுவது. எங்களுடையது இரண்டாவது வகை. மூன்று வருடம் அசையாமல் இருந்துவிட்டு, ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் 22 ரூபாய் 25 ரூபாய் 30 காசாகப் போகிறது. அதே சமயத்தில் சுமைத் தொழிலாளர் சங்கத்தோடு போட்ட கூலி ஒப்பந்தமும் முடிந்து, பெட்டிக்கு 3 ரூபாயாக இருந்த இறக்குகூலி 3 ரூபாய் 60 காசு ஆகியிருந்தது.

வாடிக்கையாளர் சமையலறைச் சாமான் செய்யும் கம்பெனி. குக்கர், மிக்சி, அடுப்பு. எங்களிடம் சராசரியாக 600 பேலட் சரக்கு இருக்கும். பேலட் என்பது சரக்கை அடுக்கி வைக்கும் மரப் பலகை. ஃபோர்க்லிஃப்ட் தன் இரண்டு கைகளையும் அடியில் நுழைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போகும். ஒரு பேலட்டில் அவர்களுடைய அட்டைப்பெட்டி 40 நிற்கும், வரிசைக்கு 8 வீதம் ஐந்து வரிசை. மாதம் ஒரு முறை சரக்கு முழுக்க வந்து போகும். அதாவது 24,000 பெட்டி உள்ளே, 24,000 பெட்டி வெளியே. சேமிப்புக்குப் பேலட் ஒன்றுக்கு மாதம் 420 ரூபாய், இறக்கப் பெட்டிக்கு 4 ரூபாய், எடுத்து ஏற்றப் பெட்டிக்கு 4 ரூபாய். ஜிஎஸ்டி நீங்கலாக மாத பில் 4,44,000 ரூபாய்.

மார்ச் மாதம் பாதியில் நான் அனுப்பிய முதல் மின்னஞ்சல் நான்கே வரி. வாடகையும் கையாளும் செலவும் ஏறிவிட்டதால் ஏப்ரல் 1 முதல் எல்லாக் கட்டணமும் 15 சதவீதம் உயர்கிறது, ஒத்துழைப்புத் தர வேண்டுகிறோம் என்று எழுதியிருந்தேன். மறுநாள் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி போனில் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல்.

"சார், வாடகை 15 பர்சென்ட் ஏறியிருக்கு, சரி. என்கிட்ட நீங்க வாங்கற 420 ரூபாயும் வாடகை மட்டும்தானா? பெட்டி இறக்கற கூலிக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கும் எப்படி 15 போட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. பேரம் பேசுவார்கள், ஐந்து குறைப்பார்கள் என்று நினைத்துப் போட்ட எண் அது. உட்கார்ந்து கணக்குப் போட்டது அவர் போனை வைத்த பிறகுதான். 4,44,000-க்கு 15 சதவீதம் 66,600 ரூபாய். பின்னால் நான் பார்த்தபடி, அவருடைய சரக்கின் பெயரில் நியாயமாகக் கேட்கக்கூடியது 45,600 ரூபாய்தான். 21,000 ரூபாயை நான் காரணமில்லாமல் கேட்டிருக்கிறேன். அவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த மின்னஞ்சலில் இன்னும் இரண்டு தவறு இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில், வாடகையோ கூலியோ மாறினால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இரு தரப்பும் பேசி விலையைத் திருத்தலாம் என்று இருந்தது. நான் கொடுத்தது 60 நாளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அடுத்தது, "உயர்கிறது" என்று நானே முடிவு செய்து எழுதியது. இருவர் போட்ட ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் மாற்ற முடியாது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் இசைய வேண்டும் என்பதை வைத்தே பேசுகிறது. ஆகவே இந்த மின்னஞ்சல் எப்போதும் ஒரு முன்மொழிவுதான். அதை அறிவிப்புப் போல எழுதினால், எதிரில் இருப்பவர் ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். இன்னொரு விஷயமும் உண்டு: ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கான செலவுத் திட்டத்தைக் கம்பெனிகள் மார்ச்சுக்கு முன்பே முடித்துவிடும். ஜனவரியில் போயிருக்க வேண்டிய கடிதம் அது.

இனி கணக்கு. வாடகை ஏறியது ஒரு பேலட்டை எவ்வளவு தொடுகிறது?

24,000 சதுர அடியில் சரக்கு வண்டி நிற்கும் மேடை, சரிபார்க்கும் இடம், அலுவலகம் என்று சுமார் 30 சதவீதம் போய்விடும். மீதி 16,800 சதுர அடி. அதில் ரேக்குகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் திரும்புவதற்கான வழியையும் சேர்த்து, தரையில் ஒரு பேலட்டுக்கு 28 சதுர அடி ஆகிறது. தரையில் 600 பேலட், அதற்கு மேல் மூன்று அடுக்கு, மொத்தம் 2,400 இடம். எந்தக் குடோனும் வருடம் முழுக்க நிறைந்திருக்காது. எங்களுடையது சராசரியாக 80 சதவீதம், அதாவது 1,920 பேலட். 24,000-ஐ 1,920-ஆல் வகுத்தால் பேலட் ஒன்றின் தலையில் பன்னிரண்டரை சதுர அடி வாடகை விழுகிறது. சதுர அடிக்கு 3 ரூபாய் 30 காசு ஏறினால் பேலட்டுக்கு 41 ரூபாய் 25 காசு. அவ்வளவுதான் வாடகையின் பங்கு.

பழைய 420 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் 275 ரூபாய் வாடகை, 105 ரூபாய் காவல், மின்சாரம், காப்பீடு, பூச்சி மருந்து, ரேக்கின் தேய்மானம் ஆகியவை, 40 ரூபாய் எங்கள் லாபம். ஏறியது வாடகை மட்டும் என்றால் 420 என்பது 460 ஆகலாம். அது ஒன்பதரை சதவீதம். வாடகை 15 ஏறும்போது சேமிப்புக் கட்டணம் ஒன்பதரை ஏறுவதுதான் சரி. ஏனென்றால் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வாடகை. கொள்முதல் அதிகாரி போனில் கேட்டது இதைத்தான்.

சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். குடோன்காரர் வாடகை ஏறிவிட்டது என்று வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: சதுர அடிக்கு எத்தனை ரூபாய் ஏறியது, என் பேலட்டுக்கு எத்தனை சதுர அடி? இரண்டையும் பெருக்கினால் வருவதைவிட அவர் கேட்பது மிக அதிகமாக இருந்தால், வேறு ஏதோ அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது காலி இடம். ஒரு பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் 1,920 பேலட் 1,500 ஆகிவிடும். மீதி இருப்பவர்கள் தலையில் 16 சதுர அடி விழும். அந்த நஷ்டத்தை வாடகை உயர்வு என்ற பெயரில் தள்ளிவிடுகிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். காலி இடம் குடோன்காரரின் தொழில் நஷ்டம், அதை அவர்தான் சுமக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது மின்னஞ்சலில் 80 சதவீதம் என்ற எண்ணையும், அது போன வருடமும் 80-தான் என்பதையும் எழுதினேன்.

வாடகை அசையாத செலவு. பெட்டி அசைந்தாலும் அசையாவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். கையாளும் செலவு அப்படி இல்லை. ஒரு பெட்டியை எத்தனை முறை தொடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

நாற்பது அடிக் கன்டெய்னர் ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரை பெட்டிகள், பேலட் இல்லாமல் தரையிலிருந்து அடுக்கியவை. சுமார் 1,500. ஆறு பேர் இறங்குவார்கள். இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் கைமாற்ற, இரண்டு பேர் பேலட்டில் அடுக்க. தலையில் துண்டு, மே மாதத்தில் கன்டெய்னருக்குள் நிற்கவே முடியாது. எட்டு பெட்டி ஒரு வரிசை. அடுத்த வரிசையை மாற்றி வைத்துப் பூட்டுப் போல அடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே தூக்கும்போது சரியும். ஐந்து வரிசை முடிந்ததும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்குவார்கள். முடிக்க மூன்று நான்கு மணி நேரம். பழைய கூலியில் ஆளுக்கு 750 ரூபாய், புதிய கூலியில் 900. அந்த ஏற்றத்தில் எனக்கு வருத்தமில்லை. மூன்று வருடமாக அதே 3 ரூபாய்க்குத் தூக்கியவர்கள் அவர்கள். பெட்டிக்கு 60 காசு அவர்களுக்குப் போகிறது, ஆகவே இறக்குக் கட்டணம் 4 ரூபாயிலிருந்து 4 ரூபாய் 60 காசு. அதில் எங்களுக்கு ஒரு காசும் கூடவில்லை.

வெளியே போகும் சரக்கில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. எங்கள் கணினியில் இருந்த மூன்று வருட அனுப்புதல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடம் 100 பெட்டியில் 70 பெட்டி முழுப் பேலட்டாகப் போயிருக்கிறது. இப்போது 40-தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்திருந்த கம்பெனிகள் பல, வரிக்காக அப்படி வைத்திருக்கத் தேவையில்லை என்று ஒரே பெரிய குடோனுக்கு மாறின. எங்கள் வாடிக்கையாளரும் பக்கத்து மாநில டிப்போவை மூடிவிட்டு, அங்கே போகும் சரக்கையும் எங்களிடமிருந்தே கடைக்கடையாக அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். பெரிய ஆர்டர்கள் சின்ன ஆர்டர்களாக உடைந்தன.

ஆறு பெட்டி குக்கர் கேட்டு ஒரு ஆர்டர் வந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் போய் நான்காவது அடுக்கிலிருந்து முழுப் பேலட்டை இறக்குகிறது. ஒருவர் சுற்றியிருக்கும் தாளைக் கிழிக்கிறார். ஆறு பெட்டியை எடுத்து இன்னொரு பலகையில் வைத்து, ஸ்கேன் செய்து, பட்டியலோடு ஒப்பிடுகிறார். மீதி 34 பெட்டிக்கு மறுபடி தாள் சுற்ற வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் மறுபடி மேலே ஏற்றுகிறது. ஆறு பெட்டிக்கு இரண்டு முறை வண்டி ஓட்டம், இரண்டு முறை தாள். 40 பெட்டி கேட்டிருந்தால் ஒரே ஓட்டம். பேலட்டோடு லாரியில் ஏற்றிவிட்டு, காலிப் பலகையை அடுத்த வண்டியில் திரும்ப வாங்கிக்கொள்வோம். இரண்டுக்கும் நான் பெட்டிக்கு 4 ரூபாய் என்று ஒரே விலை வாங்கிக்கொண்டிருந்தேன். முழுப் பேலட்டில் அதிகமாக வாங்கியிருக்கிறேன், சில்லறைப் பெட்டியில் நஷ்டப்பட்டிருக்கிறேன். 70 சதவீதம் முழுப் பேலட்டாக இருந்தவரை அது சமமானது. 40 ஆனதும் ஓட்டை தெரிந்தது.

ஆகவே விலையைப் பிரித்தேன். முழுப் பேலட்டாக எடுத்தால் பேலட்டுக்கு 100 ரூபாய், அதாவது பெட்டிக்கு இரண்டரை ரூபாய். சில்லறையாக எடுத்தால் பெட்டிக்கு 5 ரூபாய் 50 காசு. இப்போதைய 40 சதவீதக் கணக்கில் மாத பில் 96,000-லிருந்து 1,03,200 ஆகும். ஆனால் பழையபடி 70 சதவீதம் முழுப் பேலட்டாகப் போனால் 81,600-தான். இப்போது அவர்கள் கட்டுவதைவிட 14,400 குறைவு. இறக்குகூலி ஏறியதால் அவர்களுக்குக் கூடும் தொகையும் அதே 14,400 என்பதைப் பார்த்தபோது, கடிதத்தை எங்கே வைத்துத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது மின்னஞ்சல் போனது. ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

மார்ச் மாதம் நான் அனுப்பிய கட்டண உயர்வுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் கேட்டது சரியில்லை. ஒப்பந்தப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து, ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய முன்மொழிவை இதனுடன் வைக்கிறேன். அதுவரை பழைய கட்டணமே. பின்தேதியிட்டு எதுவும் கேட்க மாட்டோம்.

சேமிப்பு: ஏப்ரல் 1 முதல் வாடகை சதுர அடிக்கு 3.30 ரூபாய் கூடியுள்ளது. தங்கள் பேலட் ஒன்றுக்கு 12.5 சதுர அடி. அதன்படி 420 ரூபாயை 460 ஆக்கக் கேட்கிறோம். காவல், மின்சாரம் முதலியவற்றில் கூடியதை நாங்களே ஏற்கிறோம்.

இறக்குதல்: தொழிலாளர் கூலி பெட்டிக்கு 60 காசு கூடியுள்ளது. அந்த 60 காசு மட்டும் சேர்த்து 4.60 ரூபாய்.

அனுப்புதல்: முழுப் பேலட்டுக்கு 100 ரூபாய், சில்லறைப் பெட்டிக்கு 5.50 ரூபாய் என்று பிரிக்கக் கேட்கிறோம். தங்கள் கடைசி 12 மாத ஆர்டர்களை இந்த விலையில் கணக்கிட்டு இணைத்துள்ளேன். முழுப் பேலட் ஆர்டர்கள் 70 சதவீதத்துக்குத் திரும்பினால் தங்கள் அனுப்புதல் செலவு இன்றைக்குள்ளதைவிடக் குறையும்.

இப்போதைய அளவில் மொத்த உயர்வு மாதம் 45,600 ரூபாய். 70 சதவீதம் ஆனால் 24,000 ரூபாய். வாடகை ஒப்பந்தத்தின் உரிய பக்கமும் கூலி ஒப்பந்தமும் இணைப்பில் உள்ளன. தாங்கள் குடோனுக்கு ஒரு நாள் வந்து அனுப்பும் வேலையைப் பார்த்தால் நல்லது. மே 15-க்குள் பேச ஒரு நேரம் தர வேண்டுகிறேன்."

எழுதும்போது வேண்டுமென்றே விட்டவை சில உண்டு. எரிபொருள், பணவீக்கம், சந்தை நிலவரம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவற்றுக்கு என்னிடம் ரசீது கிடையாது. சரக்கை நிறுத்தி வைப்போம் என்ற மறைமுக மிரட்டலும் இல்லை. அதை ஒரு முறை சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த நாளே வேறு குடோன் தேட ஆரம்பிப்பார். வாடகை ஒப்பந்தத்தை அனுப்பும்போது விலை இருக்கும் பக்கத்தை மட்டும் அனுப்பி, நிலத்துக்காரரின் சொந்த விவரங்களை மறைத்தேன்.

கொள்முதல் அதிகாரி மே மாதம் நேரில் வந்தார். அரை நாள் மேடையில் நின்றார். மூன்று பெட்டிக்காக ஒரு பேலட் இறங்கி ஏறுவதை இரண்டு முறை பார்த்துவிட்டு, தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அறைக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்:

"சேமிப்புக்கு 450 போடுங்க சார். நானும் மேல பதில் சொல்லணும்ல?"

"450-க்கு வந்தா எனக்கு லாபத்துலதான் கை வைக்கணும் சார். சரக்கு குறையாதுன்னு ஒரு உறுதி குடுங்க, கொஞ்சம் இறங்கி வரேன்."

கேட்டதில் அர்த்தம் இருந்தது. அவர் சரக்கைத் திடீரென்று 300 பேலட்டாகக் குறைத்துவிட்டால் அந்த இடத்தின் வாடகை என் தலையில் விழும். கடைசியில், குறைந்தது 550 பேலட்டுக்குக் கட்டணம் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார், சேமிப்பை 455 ஆக்க நான் ஒப்புக்கொண்டேன். இறக்குகூலியில் பேரமே நடக்கவில்லை. கூலி ஒப்பந்தத்தின் நகலைப் பார்த்துவிட்டு, "இதுல நான் என்ன குறைக்கறது" என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார். பேசியதை அன்றே ஒப்பந்தத்துக்கு இணைப்பாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதையும் சொல்ல வேண்டும்: மின்னஞ்சலில் "சரி" என்று பதில் வந்ததோடு விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர்களுடைய கணக்குப் பிரிவு பழைய விலையிலேயே பில்லைத் திருப்பி அனுப்பி அவதிப்பட்ட குடோன்கள் உண்டு.

எனக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் கூடிய வாடகையும் கூலியும் சில்லறை அனுப்புதலின் நஷ்டமும் பழைய கட்டணத்திலிருந்துதான் போனது. ஒரு வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் 1,36,800 ரூபாய். ஜனவரியில் இதே கடிதத்தை எழுதியிருந்தால் அது கையில் நின்றிருக்கும்.

அவர்கள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் ஆர்டர் படிவத்தை மாற்றினார்கள். எண்ணிக்கை எழுதும் கட்டத்துக்கு மேலே, 40-இன் மடங்கில் கேட்டால் கூடுதல் தள்ளுபடி என்று ஒரு வரி சேர்த்தார்கள். சின்னக் கடைகளால் அது முடியவில்லை. அவை பழையபடி ஆறும் பதினொன்றுமாகவே கேட்டன, நாங்களும் தாளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் பெரிய டீலர்கள் மாறினார்கள். அக்டோபரில் கணக்குப் பார்த்தபோது முழுப் பேலட் 60 சதவீதத்துக்கு வந்திருந்தது. பழைய பில்லைவிட அவர்கள் கூடுதலாகக் கட்டியது மாதம் 28,200 ரூபாய். ஒரு நாள் காலையில் அன்றைய ஆர்டர் பட்டியலை அச்சடித்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையனிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தான். 40, 80, 40, 6, 120, 40. "என்ன சார், இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும் போல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.